லேபிள் அச்சுக்குப் போகும் முன் ஃபான்ட் லைசென்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் செய்வது பேக்கேஜிங் ஆர்ட்வொர்க். எண்ணெய், மசாலா, தின்பண்டம் என்று பெரும்பாலும் சின்னக் கம்பெனிகளின் பவுச்சும் லேபிளும். ஃபான்ட் பற்றி போனிலும் நேரிலும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருவதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

டவுன்லோடு பண்ணும்போது ‘ஃப்ரீ’ன்னுதான் போட்டிருந்தது. அப்புறம் என்ன பிரச்சினை?

எதற்கு ஃப்ரீ என்று பார்த்தீர்களா? DaFont மாதிரி தளங்களில் டவுன்லோடு பட்டனை ஒட்டியே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். சில ஃபான்ட்டுக்கு 100% Free, சிலவற்றுக்கு Free for personal use, சிலவற்றுக்கு Demo. இரண்டாவது வகைதான் ஆளைக் கவிழ்ப்பது. உங்கள் தங்கை கல்யாணப் பத்திரிகைக்கு அந்த ஃபான்ட்டைப் போட்டால் யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை, ஆனால் அதே பத்திரிகையை நீங்கள் காசு வாங்கிக்கொண்டு வேறொருவருக்குச் செய்து கொடுத்தால் அது வியாபாரம், விற்கிற பொருளின் லேபிளில் போட்டால் சந்தேகமே வேண்டாம்.

பட்டன் பக்கத்தில் 100% Free என்று இருந்தாலும் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த வரி ஒரு குறிப்பு மட்டும்தான், ஜிப்புக்குள் இருக்கும் ரீட்மீ ஃபைலைப் பாருங்கள் என்று அந்தத் தளமே சொல்கிறது. நாம் என்ன செய்கிறோம்? ஜிப்பைத் திறந்து ttf ஃபைலை மட்டும் இன்ஸ்டால் செய்துவிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். தூக்கிப் போட்டதில்தான் லைசென்ஸ் இருந்தது.

நீங்க ஒரு வேலைல இதை எப்படிப் பார்ப்பீங்க? ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க.

மரச்செக்கு நல்லெண்ணெய் பவுச் ஒன்று செய்தேன், அதையே சொல்கிறேன். அதுவரை அவர்கள் பாட்டில் லேபிளை ஆஃப்செட்டில் இரண்டாயிரம், மூவாயிரம் என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு லிட்டர் பவுச்சுக்குப் போகலாம் என்று முடிவானதும் பழைய லேபிளின் கோரல் ஃபைல் என்னிடம் வந்தது. பவுச் என்றால் கிராவ்யூர். ஒவ்வொரு கலருக்கும் ஒரு சிலிண்டர் வெட்ட வேண்டும், இதில் ஆறு கலர். ஆஃப்செட்டில் தப்பு வந்தால் பிளேட்டோடு போகும், சிலிண்டர் வெட்டியபின் எழுத்தை மாற்றச் சொன்னால் கிட்டத்தட்ட முதலிலிருந்து செலவு.

ஃபைலில் நான்கு விதமான எழுத்து இருந்தது. தமிழில் பிராண்ட் பெயர், நல்ல தடிமனான உருண்டை எழுத்து. அதன் கீழே பச்சைப் பட்டையில் அதே பெயர் ஆங்கிலத்தில், கையெழுத்து மாதிரி, வெள்ளையாக ரிவர்ஸில். பின்பக்கம் சேர்மானங்கள் தமிழில். முகவரி, விலை வரிகள் ஆங்கிலத்தில்.

முதலில் எனக்கு வந்த பழைய அச்சு பிடிஎஃப்பில் என்னென்ன ஃபான்ட் என்று pdffonts என்ற இலவசக் கருவியை ஓட்டிப் பார்த்தேன்:

```
pdffonts label.pdf
```

அக்ரோபாட் இருந்தால் இது வேண்டாம், File மெனுவில் Properties திறந்து Fonts பக்கத்தைப் பார்த்தாலே போதும். வந்தது இரண்டே பெயர், Nirmala UI, Arial. அதாவது பின்பக்கத்தில் இருக்கிற சின்ன எழுத்துகள் மட்டும். பிராண்ட் பெயர் இரண்டையும் முந்தைய டிசைனர் கர்வ் ஆக்கியிருந்தார். கர்வ் ஆன எழுத்து பிடிஎஃப்பைப் பொறுத்தவரை வெறும் படம், அதனால் லிஸ்டில் வராது. லிஸ்டில் வராததால் பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. லேபிளில் பெரிதாக, கண்ணில் அடிக்கிற எழுத்துதான் எப்போதும் கர்வ் ஆகியிருக்கும், வில்லங்கமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

முந்தைய டிசைனருக்கு போன் செய்தேன். நல்ல மனுஷன், இரண்டு ttf ஃபைலையும் வாட்ஸப்பில் அனுப்பினார். ரீட்மீ இல்லை, ஜிப் இல்லை. தமிழ் எழுத்து Baloo Thambi, ஃபைலுக்குள்ளேயே ஓபன் ஃபான்ட் லைசென்ஸ் என்று எழுதியிருந்தது, வியாபாரத்துக்கும் தடையில்லாத லைசென்ஸ். அது முடிந்தது. ஆங்கில எழுத்தில் உருவாக்கியவரின் பெயரும் வருஷமும் இருந்தன, லைசென்ஸ் இருக்க வேண்டிய இடம் காலி. ஃபான்ட் பெயரை வைத்துத் தேடி அவருடைய பக்கத்தைப் பிடித்தால், இலவசமாகக் கிடைப்பது சொந்த உபயோகத்துக்கு மட்டும், வியாபாரத்துக்கு விலை உண்டு என்று தெளிவாகப் போட்டிருக்கிறார். மூன்று வருஷமாக அந்த எழுத்து பாட்டிலில் ஓடியிருக்கிறது.

அவருக்கு ஒரு மெயில். லோகோவாகப் பயன்படுத்துகிறோம், டிரேட்மார்க் விண்ணப்பிக்கப் போகிறோம், உணவுப் பொருள் பவுச்சில் அச்சாகும், ஏற்கனவே லேபிளில் அச்சாகியிருக்கிறது, உங்கள் லைசென்ஸில் எது இதையெல்லாம் மூடும்? இரண்டு நாளில் பதில் வந்தது, டெஸ்க்டாப் லைசென்ஸே போதும் என்று. க்ளையன்ட் பெயரில் வாங்கினோம். ஒரு சிலிண்டர் விலையோடு வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. சிலிண்டர் வெட்டியபின் தெரிந்து, ஃபான்ட்டையும் மாற்ற வேண்டி வந்திருந்தால்? வெள்ளை ரிவர்ஸ் எழுத்து என்பதால் பச்சைப் பட்டையை உண்டாக்குகிற ஒவ்வொரு கலர் சிலிண்டரிலும் அந்த எழுத்தின் ஓட்டை இருக்கும். அத்தனையும் போயிருக்கும்.

என் கம்ப்யூட்டர்ல ஏகப்பட்ட ஃபான்ட் கிடக்குது. எது எந்த லைசென்ஸ்னு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு ஃபான்ட் ஃபைலுக்குள்ளும் name என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் 0-ஆம் எண் பதிப்புரிமை வரி, 13 லைசென்ஸ் வாசகம், 14 லைசென்ஸ் இருக்கும் இணைய முகவரி. விண்டோஸில் ஃபைலை ரைட் க்ளிக் செய்து Properties, Details போனால் பதிப்புரிமை வரியாவது தெரியும், மேக்கில் ஃபான்ட் புக்கின் தகவல் பக்கத்தில் லைசென்ஸும் சேர்ந்தே தெரியும். முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் fonttools என்ற இலவசக் கருவியைப் போட்டுக்கொண்டு,

```
pip install fonttools
ttx -t name -t OS/2 font.ttf
```

என்று ஓட்டினால் font.ttx என்று ஒரு ஃபைல் வரும். அதை நோட்பேடில் திறந்து nameID="13" என்று தேடுங்கள்.

அதே ஃபைலில் fsType என்று ஒரு எண் கிடைக்கும், ttx அதை பைனரியில் காட்டும்: எல்லாமே பூஜ்ஜியம் என்றால் 0, கடைசி நான்கு இலக்கம் 0010 என்றால் 2, 0100 என்றால் 4, 1000 என்றால் 8. 0 என்றால் ஆவணத்தில் தாராளமாகப் பொதிக்கலாம், 4 என்றால் பார்க்கவும் அச்சடிக்கவும் மட்டும், 8 என்றால் திருத்தவும் செய்யலாம், 2 என்றால் அனுமதி வாங்காமல் பொதிக்கவே கூடாது. இதைப் பார்த்துவிட்டு ‘0 வந்தது, ஆக இது இலவசம்’ என்று ஒருவர் எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். இல்லை சார். இது பிடிஎஃப்பில் ஃபான்ட்டைப் பொதிக்கலாமா என்று மென்பொருளுக்குச் சொல்கிற கொடி மட்டும்தான். காசு கொடுத்து வாங்க வேண்டிய ஃபான்ட்டிலும் 0 இருக்கலாம். லைசென்ஸ் வாசகம்தான் கணக்கு.

13-ஆம் எண் காலியாக இருந்தால்? உரிமை இருப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள், தெரியவில்லையென்றால் அந்த வேலைக்கு அது வேண்டாம்.

கூகுள் ஃபான்ட்ஸ்ல இருக்கிறதை லோகோவுக்குப் போடலாமா? டிரேட்மார்க் வாங்க முடியுமா?

போடலாம், வாங்கலாம். அங்கே இருக்கும் தமிழ் ஃபான்ட்டுகளில் நாம் அடிக்கடி தொடுகிற Noto Sans Tamil, Catamaran, Mukta Malar, Hind Madurai, Baloo Thambi 2 எல்லாமே எஸ்ஐஎல் ஓபன் ஃபான்ட் லைசென்ஸ் 1.1-இல் வருபவை. 2007 பிப்ரவரியில் வந்த அந்த லைசென்ஸ் மொத்தமே ஒரு பக்கச் சொச்சம்தான், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் படித்துவிடலாம். அந்த ஃபான்ட்டால் நீங்கள் உண்டாக்கும் ஆவணம், லேபிள், லோகோ எதையும் அது கட்டுப்படுத்துவதில்லை. எழுத்தை இழுத்து, வெட்டி, ‘ழ’வின் வாலை எண்ணெய்ச் சொட்டு மாதிரி வளைத்தாலும் கேள்வி இல்லை.

கட்டுப்பாடு ஃபான்ட் ஃபைலுக்குத்தான். ஃபைலை மட்டும் தனியாக விற்கக் கூடாது. ஃபைலையே திருத்திப் புது ஃபான்ட்டாக வெளியிட்டால் அதுவும் அதே லைசென்ஸில்தான் போக வேண்டும், மூலத்தில் பெயரை ஒதுக்கி வைத்திருந்தால் அந்தப் பெயரையும் பயன்படுத்த முடியாது. லேபிள் செய்கிறவருக்கு இதில் எதுவுமே குறுக்கே வராது.

ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். டிரேட்மார்க் கிடைத்தாலும் அது உங்கள் பெயருக்கும் லோகோவுக்கும்தான், எழுத்துக்கு இல்லை. அதே Baloo Thambi-யில் பக்கத்துத் தெரு எண்ணெய்க்காரரும் தன் பெயரை எழுதலாம். லைசென்ஸ் பிரச்சினை இல்லாத ஃபான்ட் என்றால் எல்லோரும் போடுகிற ஃபான்ட் என்றும் அர்த்தம், அதனால் நான் பெரும்பாலும் அதை ஆரம்பமாக வைத்துக்கொண்டு எழுத்தைக் கொஞ்சம் கையால் மாற்றிவிடுவேன்.

டவுன்லோடு செய்யும்போது fonts.google.com-இலிருந்தே எடுங்கள், ஜிப்பில் இருக்கும் OFL.txt ஃபைலை வேலை ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள்.

விண்டோஸோட வந்த Latha, Nirmala UI, Arial எல்லாம் பேக்கிங்குக்குப் போடலாமா?

அச்சடித்து விற்கத் தடையில்லை. விண்டோஸோடு வரும் ஃபான்ட்டுகளால் செய்த அச்சையும் லோகோவையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் தடுப்பதில்லை. இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ttf ஃபைலை காப்பி செய்து இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. அப்புறம், வேலை செய்கிற மென்பொருளே வீட்டு உபயோகம், மாணவர் உபயோகம் என்று மட்டும் லைசென்ஸ் ஆனதாக இருந்தால், அதை வைத்து வியாபார வேலை செய்யவே கூடாது, ஃபான்ட் பேச்சு அதற்கு அப்புறம்தான்.

கர்வ் ஆக்கிட்டா லைசென்ஸ் தேவையில்லைதானே?

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். கோரலில் Ctrl+Q தட்டுவதால், இல்லஸ்ட்ரேட்டரில் Create Outlines கொடுப்பதால் ஃபைல் பிரஸ்ஸில் உடையாமல் திறக்கும், அவ்வளவுதான். கர்வ் ஆக்க வேண்டுமென்றால் முதலில் அந்த ஃபான்ட்டை உங்கள் கம்ப்யூட்டரில் போட்டு, டைப் அடித்து, அதை ஒரு வியாபார வேலையில் பயன்படுத்தியிருக்க வேண்டுமே. லைசென்ஸ் கேட்பது அந்தச் செயலுக்குத்தான். கள்ளச் சாவி போட்டுப் பூட்டைத் திறந்துவிட்டு, சாவியைக் கிணற்றில் எறிந்துவிட்டேன் என்றால் திறக்கவில்லை என்று ஆகிவிடாது.

கர்வ் உண்மையாகவே உதவுகிற இடம் வேறு. உங்களிடம் சரியான லைசென்ஸ் இருக்கிறது, பிரஸ்ஸிடம் இல்லை, அப்போது கர்வ் ஆக்கி அனுப்பினால் ஃபான்ட் ஃபைலைக் கொடுக்க வேண்டியதில்லை.

பிரஸ்காரர் ‘ஃபான்ட்டையும் சேர்த்து அனுப்புங்க’ன்னு கேக்கறார். அனுப்பலாமா?

ஓபன் ஃபான்ட் லைசென்ஸ் என்றால் OFL.txt-ஐயும் சேர்த்துத் தாராளமாக அனுப்புங்கள். விலைக்கு வாங்கியது என்றால் லைசென்ஸில் பாருங்கள். சில நிறுவனங்கள் அந்த ஒரு வேலையை அச்சடிக்க மட்டும் பிரஸ்ஸுக்குக் கொடுக்க விடும், பல நிறுவனங்கள் பிரஸ்ஸும் தனியாக வாங்க வேண்டும் என்கும். இன்டிசைனில் Package கொடுக்கும்போது ஃபான்ட் பற்றி ஒரு எச்சரிக்கை எழும்புமே, எல்லோரும் படிக்காமல் தட்டிவிடுவது, அது இதைத்தான் சொல்கிறது.

எளிய வழி, ஃபான்ட் பொதிந்த பிடிஎஃப் அல்லது கர்வ் ஆன ஃபைல். பிரஸ்ஸில் கடைசி நிமிஷம் விலையை மாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் பெரும்பாலும் ஃபான்ட் கேட்கிறார்கள். எம்ஆர்பி, பேட்ச் நம்பர், தேதி வரிகளை மட்டும் ஒரு ஓபன் ஃபான்ட்டில் வைத்துவிட்டால் அந்தத் தகராறே வராது.

அடோபி சந்தா இருக்கு. அதுல வர்ற ஃபான்ட்டை க்ளையன்ட் லோகோவுக்குப் போடலாமா? சந்தா முடிஞ்சா?

லோகோ, அச்சு, பேக்கேஜிங் எல்லாம் அந்தச் சந்தாவுக்குள் அடங்கும், வியாபாரத்துக்கும்தான். சந்தா முடிந்தாலும் ஏற்கனவே கர்வ் ஆக்கிய லோகோவும் பொதிந்த பிடிஎஃப்பும் அப்படியே ஓடும். புதிதாக டைப் அடிக்கத்தான் முடியாது. ஃபைலை யாருக்கும் கொடுக்க முடியாது, இன்டிசைன் Package-இலும் அது சேராது. க்ளையன்ட் தானே அந்த எழுத்தில் நோட்டீஸ் அடிக்க ஆசைப்பட்டால் அவருக்கும் சந்தா வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் நீங்கள் ஏதோ ஒளித்து வைப்பதாக நினைப்பார்.

காசு கொடுத்து வாங்கின ஃபான்ட். இதுக்கு மேல என்ன பார்க்கணும்?

என்ன லைசென்ஸ் வாங்கினீர்கள், எத்தனை கம்ப்யூட்டருக்கு என்று பாருங்கள். டெஸ்க்டாப் லைசென்ஸ் என்பது பொதுவாக இத்தனை பேர் அல்லது இத்தனை கம்ப்யூட்டர் என்ற கணக்கில் வரும். ஒன்று வாங்கி ஆபீசில் ஐந்து சிஸ்டத்தில் போட்டிருந்தால் நான்கு கணக்கில் வராதவை. வெப்சைட்டில் ஓடும் எழுத்தாக, ஆப்புக்குள் வைக்க என்பதற்கெல்லாம் பெரும்பாலும் தனி லைசென்ஸ்.

அடுத்து லைசென்ஸ் பக்கத்தில் logo, trademark, packaging, products for resale என்ற சொற்களைத் தேடுங்கள். பல நிறுவனங்கள் லோகோவையும் பேக்கிங்கையும் டெஸ்க்டாப் லைசென்ஸிலேயே விட்டுவிடுகின்றன, சில லோகோவுக்கென்று தனியாகக் கேட்கின்றன, சில இத்தனை பிரதிகள் வரை என்று வரம்பு வைக்கின்றன. எழுத்தே சரக்காகும் பொருள்களுக்கு, அதாவது அ, ஆ என்று ரப்பர் ஸ்டாம்ப், ஸ்டென்சில், ஒட்டும் எழுத்து இப்படி விற்பதற்கு, பல இடத்தில் தனி அனுமதி உண்டு. சந்தேகம் இருந்தால் மெயில் போட்டுக் கேளுங்கள், வந்த பதிலை அழிக்காமல் வையுங்கள்.

லைசென்ஸ் யார் பேர்ல வாங்கணும்? என் பேர்லயா, க்ளையன்ட் பேர்லயா?

டைப் அடிக்கிறவர் பெயரில். லோகோவை கர்வ் ஆக்கிக் கொடுத்துவிட்டு நீங்களே தொடர்ந்து வேலை செய்கிறீர்கள் என்றால் உங்கள் பெயரில் போதும் என்றுதான் பெரும்பாலான லைசென்ஸ் சொல்லும். ஆனால் பிராண்ட் எழுத்து என்றால் நான் க்ளையன்ட் பெயரிலேயே வாங்கச் சொல்லுவேன், எனக்குத் தேவையென்றால் இன்னொன்று என் பெயரில். நாளைக்கு அவர் வேறு டிசைனரிடம் போவார், போகட்டும், பில் அவர் ஃபைலில் இருக்கும்.

பழைய டிடிபி ஃபான்ட்டுகள் எல்லாரும்தானே போடறாங்க? அதுக்கு யார் வந்து கேக்கப் போறாங்க?

யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்டுகள் தனிக் கதை. ஸ்ரீலிபி மாதிரி தொகுப்புகள் காசுக்கு விற்கப்பட்டவை, கம்ப்யூட்டரின் பின்னால் ஒரு லாக்கைச் செருகினால்தான் ஓடும். அந்தக் காலத்து ஃபான்ட்டுகள் லாக் இல்லாமல் பென்டிரைவில் பிரஸ் பிரஸ்ஸாகச் சுற்றின, நடுவில் பெயர் மாற்றப்பட்டவையும் ஏராளம். ttx போட்டுப் பார்த்தால் பதிப்புரிமை வரியில் Generated by Fontographer என்று மட்டும் இருக்கும், யார் வரைந்தார்கள் என்பதற்குத் தடயமே இருக்காது. எல்லோரும் போடுகிறார்கள் என்பது உண்மைதான், அதனால் அனுமதி வந்துவிடாது. க்ளையன்ட் அந்த எழுத்துதான் வேண்டும் என்று நின்றால், கடைசியில் எழுத்தைக் கையால் வரையச் சொல்வேன். ஒரு பிராண்ட் பெயருக்கு ஐந்தாறு எழுத்துதானே வரும்.

இந்தியாவுல எழுத்து வடிவத்துக்குப் பதிப்புரிமையே கிடையாதாமே?

பாதி சரி. ‘ஆனந்தா எக்ஸ்பாண்டட் இட்டாலிக்ஸ்’ என்ற எழுத்துரு விஷயத்தில் 2002-இல் பதிப்புரிமை வாரியம் எழுத்து வடிவத்தைக் கலைப்படைப்பாகப் பதிவு செய்ய மறுத்தது. ஆனால் ttf, otf ஃபைல் என்பது மென்பொருள். 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் நிரலை இலக்கியப் படைப்புகளோடு சேர்த்தே பாதுகாக்கிறது. டவுன்லோடு செய்யும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டியது வேறு ஒப்பந்தம். அதோடு, ஃபான்ட் செய்தவர் வேறு நாட்டில் இருக்கலாம், உங்கள் பவுச்சும் வேறு நாட்டுக்கு ஏற்றுமதி ஆகலாம். இந்த ஒரு வரியை நம்பி சிலிண்டர் வெட்டாதீர்கள். பெரிய பிராண்ட் என்றால் வக்கீலிடம் கேளுங்கள், நான் வக்கீல் இல்லை.

இதையெல்லாம் யார் கண்டுபிடிக்கப் போறாங்க?

எழுத்தை வரைந்தவர் தன் எழுத்தை எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார். 2010 ஜனவரியில் பிரான்சில் ஹடோபி என்ற அரசு அமைப்பு தன் லோகோவை வெளியிட்டது. இணையத்தில் திருட்டு டவுன்லோடைத் தடுப்பதுதான் அந்த அமைப்பின் வேலையாக இருந்தது. லோகோவில் இருந்த எழுத்து, ழான்-பிரான்சுவா போர்ஷே என்ற எழுத்துரு வடிவமைப்பாளர் பிரான்ஸ் டெலிகாம் நிறுவனத்துக்கென்றே செய்த பியென்வெனு, வேறு யாரும் பயன்படுத்த முடியாதது. எழுத்து ஆட்கள் உடனே பிடித்துவிட்டார்கள், லோகோவை வேறு ஃபான்ட்டில் திரும்பச் செய்ய வேண்டியதாகிவிட்டது. இத்தனைக்கும் அவர்களுக்கு சிலிண்டர் செலவு இல்லை.

ஏற்கனவே பத்தாயிரம் லேபிள் அடிச்சாச்சு. இப்பதான் ‘பர்சனல் யூஸ்’னு தெரிஞ்சது. என்ன பண்றது?

முதலில் அடுத்த அச்சை நிறுத்துங்கள், கடையில் இருப்பதைத் திரும்ப எடுக்க ஓட வேண்டாம். ஃபான்ட் செய்தவருக்கு நேராக எழுதுங்கள்: இந்தப் பொருளில், இந்தத் தேதியிலிருந்து, இவ்வளவு பிரதியில் தெரியாமல் பயன்படுத்திவிட்டோம், லைசென்ஸ் வாங்க விரும்புகிறோம், முன்பு அச்சானதையும் சேர்த்து எழுத்தில் அனுமதி தருவீர்களா. ஃபான்ட் செய்கிறவர்களில் பலர் தனி ஆட்கள், அவர்கள் கண்டுபிடித்து எழுதுவதற்கு முன் நீங்கள் எழுதினால் பேச்சு வேறு மாதிரி போகும். சும்மா போய் ஒரு லைசென்ஸை வாங்கிவிட்டால் அது வாங்கிய தேதியிலிருந்துதான் ஓடும் என்பதால், ‘முன்பு அச்சானதற்கும் சேர்த்து’ என்ற வரி பதிலில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர் தர மறுத்தாலோ விலை கட்டுப்படியாகாவிட்டாலோ, மிச்ச லேபிளை ஒட்ட வேண்டாம், அடுத்த அச்சில் எழுத்தை மாற்றிவிடுங்கள்.